செம்மண்மேடு நகர், வல்லம்: பத்திரத்தைப் பார்த்துவிட்டு மனையைப் பாருங்கள்

தஞ்சாவூர் – திருச்சி சாலையில், வல்லம் பேரூராட்சி எல்லைக்குள் 2 ஏக்கரில் 34 வீட்டு மனைகள். 1,200 சதுர அடி முதல் 2,400 சதுர அடி வரை. டிடிசிபி அங்கீகாரம் பெற்றது. ரெரா பதிவு எண்: TN/22/Layout/0386/2025 (rera.tn.gov.in). இதுவரை 11 மனைகள் பதிவாகிவிட்டன, 23 மனைகள் இருக்கின்றன.

அலங்கார வளைவு, செயற்கை நீரூற்று, குதிரைச் சிலை எதுவும் இங்கே கிடையாது. அந்தச் செலவும் கடைசியில் உங்கள் சதுர அடி விலையில்தான் வந்து ஏறும்.

நிலம் யாருடையது?

எங்கள் குடும்பத்துடையது. நடுவில் பவர் ஏஜென்ட் யாரும் இல்லை. 1968-இல் எங்கள் தாத்தாவுக்குப் பாகப்பிரிவினையில் வந்த புன்செய் நிலம் இது. அவருக்குப் பிறகு அப்பாவுக்கும், அப்பாவுக்குப் பிறகு எங்கள் அம்மா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் என ஐந்து பேருக்கும் வந்தது. சகோதரிகள் இருவரும் வெளியூரில் இருந்தாலும், விற்பனைப் பத்திரம் ஒவ்வொன்றிலும் நேரில் வந்து கையெழுத்து போடுகிறார்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளின் பங்கை விட்டுவிட்டு எழுதிய பத்திரங்கள்தான் பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றப் படி ஏறுகின்றன.

தாய்ப் பத்திரம், வாரிசுச் சான்று, கூட்டுப் பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாவற்றின் நகலும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறோம். கேட்டதும் தருவோம், அதற்கு முன்பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அடமானமோ வழக்கோ இல்லை. கோயில் நிலம், புறம்போக்கு, வாய்க்கால் எதுவும் இதில் சேரவில்லை.

எங்கள் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். சர்வே எண் 318/2B7. தஞ்சாவூர் வட்டம், வல்லம் கிராமம் என்று eservices.tn.gov.in தளத்தில் போட்டால் பட்டாவும் புல வரைபடமும் வரும். tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றை நீங்களே எடுத்துப் பாருங்கள். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். அதில் வரும் ஒவ்வொரு பதிவுக்கும் உரிய பத்திரம் எங்கள் கோப்பில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தாலும் கேளுங்கள். உங்கள் வழக்கறிஞரையே அழைத்து வந்தால் இன்னும் நல்லது.

மனை வாரியாக உட்பிரிவு முன்பே முடிந்துவிட்டது. ஆகவே பத்திரம் பதிந்த பிறகு சர்வேயருக்காகக் காத்திருந்து, தனிப் பட்டாவுக்கு அலைய வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை.

மனைக்குப் போகும் வழி

மனைப்பிரிவுக்குள் அகலமான சாலை போட்டிருப்பார்கள். ஆனால் பிரதான சாலையிலிருந்து அங்கே வரும் வழி யாரோ ஒருவருடைய பட்டா நிலமாக இருக்கும். நாளைக்கு அவர் வேலி போட்டால் கதை முடிந்தது. மனை வாங்குபவர்கள் அதிகம் கேட்காமல் விடும் கேள்வி இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

இங்கே பிரதான சாலையிலிருந்து 600 மீட்டர் உள்ளே வரவேண்டும். அந்த 600 மீட்டரும் பேரூராட்சியின் தார்ச்சாலை. கிராம வரைபடத்தில் பழைய வண்டிப்பாதையாகவே இருப்பது; வருவாய்க் கணக்கில் அரசு நிலம். வரைபடத்தின் நகலும் கோப்பில் உண்டு. அகலம் 24 அடி. நடுவில் ஒரு சிறு பாலத்தருகே மட்டும் கொஞ்சம் குறுகும், அங்கே இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்றுதான் போக வேண்டும். செங்கல், கம்பி ஏற்றி வரும் வண்டிகளுக்குச் சிக்கல் இல்லை.

உள்ளே எல்லாச் சாலைகளும் 30 அடி. சாலைகளையும் பூங்காவுக்கான இடத்தையும் தானப் பத்திரம் மூலம் பேரூராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். எனவே பின்னாளில் பூங்கா இடத்தை மனையாக்கி விற்க எங்களாலேயே முடியாது. மழைநீர் வடிகாலும் தெருவிளக்குக் கம்பங்களும் முடிந்துவிட்டன.

பிள்ளைகளின் படிப்பு

"ஐந்து நிமிடத்தில் பள்ளி" என்று எழுதும் வழக்கம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. யாருடைய வண்டியில், எந்த நேரத்தில் என்பது அதில் இருக்காது. வாசலிலிருந்து சாலை வழியாக அளந்த தூரம் இது: அரசு தொடக்கப் பள்ளி 900 மீட்டர், மெட்ரிக் பள்ளி 1.1 கி.மீ., அரசு மேல்நிலைப் பள்ளி 1.7 கி.மீ., சிபிஎஸ்இ பள்ளி 3.5 கி.மீ. தொடக்கப் பள்ளிக்கு நெடுஞ்சாலையைக் கடக்காமலே போகலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு தூரத்தைவிட இதுதான் முக்கியம். பள்ளி வேன்கள் இந்தத் தார்ச்சாலையில் காலையும் மாலையும் வந்து போகின்றன.

மேல்படிப்புக்கு பெரியார் மணியம்மை, சாஸ்த்ரா பல்கலைக்கழகங்கள் இதே தஞ்சாவூர் – திருச்சி தடத்தில் இருக்கின்றன. அந்த மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் வாடகை வீடு கட்ட நினைத்தே இரண்டு பேர் மனை வாங்கியிருக்கிறார்கள்.

தண்ணீர்

வல்லம் மேட்டுச் செம்மண் பூமி. கடைமடை வயலை மூடிப் போட்ட மனை இல்லை, அதனால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காது, அஸ்திவாரத்துக்கு நல்ல கெட்டி மண். ஆனால் மேடு என்பதால் நிலத்தடி நீர் ஆழத்தில்தான் கிடைக்கும். நாங்கள் போட்ட பொது ஆழ்துளைக் கிணறு 280 அடி. தனியாகப் போர் போட நினைப்பவர்கள் அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை

தெற்கு, மேற்கு பார்த்த மனைகள் சதுர அடி ரூ.820. வடக்கு, கிழக்கு பார்த்தவை ரூ.880. மூலை மனைக்குத் தனி விலை இல்லை. 30-க்கு 40 அளவுள்ள தெற்கு மனை ரூ.9,84,000 ஆகிறது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் உங்கள் செலவு. 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். இந்த மனைக்கு அது ரூ.9,840, அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ வாங்குவது லாபம்தான். முழு விலையையும் பத்திரத்திலேயே காட்டுகிறோம், தனியாகக் கையில் எதுவும் வாங்குவதில்லை.

முன்பணம் ரூ.50,000 மட்டும், ரசீதுடன். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமென்றால் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிந்திருக்க வேண்டும் என்று 2016 ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. நாங்கள் அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. உங்கள் வழக்கறிஞர் ஆவணங்களில் குறை கண்டு எழுதிக் கொடுத்தால் 15 நாளில் முன்பணம் முழுவதும் திரும்பும். வங்கிக் கடனுக்குத் தேவையான ஆவணங்களை நாங்களே தயார் செய்து தருகிறோம்.

பார்க்க வர

தஞ்சாவூரிலிருந்து வந்தால் வல்லம் பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் இடது பக்கம் "செம்மண்மேடு நகர்" என்ற பச்சைப் பலகை தெரியும். அந்தத் தார்ச்சாலையிலேயே நேராக உள்ளே வாருங்கள். அலுவலகம் மனைப்பிரிவின் வாசலிலேயே, முதல் மனையில் இருக்கிறது. காலை 9 முதல் மாலை 6 வரை, ஞாயிறு உட்பட. ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும். கோப்பை உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டுமென்றால் வார நாளில் வாருங்கள், எங்கள் குடும்பத்தில் ஒருவர் கட்டாயம் இருப்போம்.