பெருநாளைக்கு வந்துரு

பாம்பன்ல எங்க சின்னப்பாலத்துல தபால்காரரு வீட்டுக்கு வீடு வரமாட்டாரு அப்பல்லாம், மணலுக்குள்ள சைக்கிள் எறங்காது, அதனால ரோட்டோரம் இருக்குற சேதண்ணன் டீக்கடையில மொத்தமா குடுத்துட்டுப் போயிருவாரு. கடல்பாசி எடுத்துட்டு ஈரச்சேலையோட ஏறி வர்ற பொம்பளைக எதுவும் வந்துருக்கான்னு கேட்டு வாங்கிக்கிட்டு போவோம். கரண்டு பில்லு, மெட்ராஸ்ல இருக்குற மாமா கடுதாசி, கோர்ட்டு நோட்டீசு, எல்லாம் டீ கிளாசுக்கு பக்கத்துலதான் கெடக்கும்.

சேதண்ணன் போய்ச் சேந்தாச்சு. இந்த வருஷம் அவரு மவன் முருகேசு பழைய தகரத்தையெல்லாம் பிரிச்சிட்டு கான்கிரீட்டு போடுறான். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவுல பத்துப் பதினஞ்சு காயிதம் சொருகிக்கிட்டு இருந்துருக்கு, அதுல ஒன்ன எடுத்துக்கிட்டு மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்தான். "அத்தை, உங்க பேருல ஒன்னு இருக்கு"ன்னு சொல்லி நீட்டுறான், நான் ஏதோ பேங்க்காரன் அனுப்புனதுன்னு நெனச்சு கையத் தொடைச்சிட்டு வாங்குறேன். கவரு கரையான் தின்னு ஒரு மூலை இல்ல. உள்ள பொங்கல் வாழ்த்து. பொங்கப்பானை, ரெண்டு பக்கமும் கரும்பு, ஜிகினா ஒட்டுன சூரியன். ஜிகினா பாதி உதுந்து போச்சு ஆனா பச்சை மையில எழுதுனது அப்படியே இருக்கு. பச்சைப் பேனான்னா மும்தாசுதான், வேற யாரு.

சீலுல 1999 ஜனவரின்னு தெரியுது.

"அன்புள்ள செல்விக்கு, பொங்கல் வாழ்த்து. உங்க அம்மா எங்க வீட்டு வாசல்ல வந்து பேசுனதுக்கு உம்மா இன்னும் அழுகுது, எனக்கு உன் மேல கோவம் இல்ல. காணாம போன கொலுசு கெடச்சிருச்சு புள்ள. லாத்தா கல்யாணப் பாயை உதறி வெயில்ல போடும்போது அதுக்குள்ள இருந்து விழுந்துச்சு. தபால்ல அனுப்ப பயமா இருக்கு. நோன்பு முடிஞ்சு பெருநாளைக்கு வந்துரு, வாங்கிக்க, வட்டலாப்பம் இருக்கு. நீ வரலைன்னா நம்ம சேக்காளித்தனம் உனக்கு வேணாம்னு நான் எடுத்துக்குவேன், அப்புறம் தொந்தரவு பண்ணமாட்டேன். மும்தாஜ், வேதாளை."

அந்த வருஷம் பொங்கல் நோன்புக்குள்ள வந்துச்சு, அஞ்சாறு நாள் கழிச்சு பெருநா. ஒரு கார்டுலயே ரெண்டு பண்டிகையையும் முடிச்சிட்டா சிக்கனக்காரி.

கதை என்னன்னா, நாங்க ரெண்டு பேரும் மண்டபத்துல ஒரே வகுப்பு. நான் பாலம் தாண்டி பஸ்ல போவேன், அவ அந்தப் பக்கம் வேதாளையில இருந்து வருவா. 88ல ரோட்டுப்பாலம் தொறந்ததுனாலதான் எங்க பக்கத்துப் புள்ளைக அங்க போயி படிக்கவே முடிஞ்சுச்சு, இல்லாட்டி ரயிலுக்கு காத்துக் கெடக்கணும். அவ லாத்தா கல்யாணத்துக்கு என் வெள்ளிக் கொலுச கேட்டா, குடுத்தேன், ஒத்தைக் கொலுசுதான் திரும்பி வந்துச்சு. எங்க அம்மா அந்தக் கொலுச ஒரு வருஷம் பாசி எடுத்த காசுல செஞ்சுச்சு, அதுவும் விரல்ல துணியச் சுத்திக்கிட்டு பாறையில பிச்சு எடுத்த மரிக்கொழுந்துப் பாசி. சும்மா இருக்குமா. நேரா வேதாளைக்கு பஸ் ஏறி அவுக வாசல்ல நின்னு கத்திட்டு வந்துருச்சு. அதோட என் படிப்பையும் நிறுத்தி கடல்ல எறக்கியாச்சு.

நான் அவ கடுதாசி போடுவான்னு பாத்தேன். அவ நான் வருவேன்னு பாத்துருக்கா. நடுவுல ஒரு தடவ உச்சிப்புளி சந்தையில நேருக்கு நேரா பாத்தோம், ரெண்டு பேரு இடுப்புலயும் புள்ளைக, நான் சிரிக்கப் போறேன், அவ சட்டுன்னு கருவாட்டுக் கூடை பக்கம் திரும்பிக்கிட்டா. ஓஹோ அவ்வளவு திமிரான்னு நானும் வந்துட்டேன். இப்ப இந்தக் கார்ட படிச்சப்பதான் புரியுது, அவ கணக்குல நான்தான் வேணாம்னு சொன்னவ! சொன்ன சொல்லக் காப்பாத்தி தொந்தரவு பண்ணாம இருந்துருக்கா பாவி.

பாம்பனுக்கும் வேதாளைக்கும் பஸ்ல அரை மணி நேரம்கூட இல்ல. பழைய ரயில் பாலத்த நிறுத்தி புதுப் பாலம் கட்டி பிரதமரு வந்து தொறந்து வெச்சிட்டுப் போயிட்டாரு, எங்களால அந்தப் பாலத்த தாண்ட முடியல.

மவன் மணிகிட்ட சொன்னேன், அவன் லோடு வண்டி ஓட்டுறான், வேதாளையில எல்லாரையும் தெரியும். "நம்பர் வாங்கிட்டு வரவாம்மா, வீடியோ கால்ல பேசு"ங்கிறான். வேணாம்டான்னுட்டேன். பெருநாளைக்கு வான்னுதான எழுதிருக்கா, இப்பவும் நோன்புதான் ஓடுது, பெருநாளைக்கே போறேன். வீடு மட்டும் எதுன்னு கேட்டுட்டு வா. அவன் கேட்டுட்டு வந்தான், அவளுக்கு உள்ளூர்லயே கல்யாணம், மாப்பிள்ளை சவுதியில இருந்துட்டு வந்து இப்ப சும்மா இருக்காகளாம், ரெண்டு பொம்பளப் புள்ளைகளையும் கட்டிக் குடுத்தாச்சாம்.

பெருநா அன்னிக்கு பாம்பன்ல ஒரு கிலோ சேவும் வாழைப்பழமும் வாங்கிக்கிட்டு போனேன். தெரு பூரா புதுச்சட்டை, பொடிசுகளுக்கு கையில பத்து இருபதுன்னு பெருநாக் காசு. வாசல்ல ஒரு சின்னப்புள்ள நின்னு "யாரு வேணும்"னுச்சு. "உன் நன்னிய கூப்புடு, பாம்பன்ல இருந்து வந்துருக்காகன்னு சொல்லு"ன்னேன்.

வந்தா. குண்டாயிட்டா. கண்ணாடி வேற. என்னைப் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல, நானும் பேசல, கார்ட எடுத்து கையில குடுத்தேன். கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு படிச்சா, கவர திருப்பி சீலப் பாத்தா, மறுபடி படிச்சா.

"எப்ப வந்துச்சு?"

"போன வாரம்."

"சீ போ" ன்னா. அப்புறம் அங்கனயே படியில உக்காந்துட்டா, அழுறாளா சிரிக்கிறாளான்னே தெரியல, மருமவன் ஓடி வந்து "மாமி என்னாச்சு"ங்கிறாரு, இவ கார்ட அவருகிட்ட நீட்டுறா, அவரு படிச்சிட்டு என்னைப் பாக்குறாரு, எனக்கு வெக்கமாப் போச்சு.

"உங்கம்மா?"

"போயிருச்சு. கொரோனாவுல. உங்க உம்மா?"

"உள்ளதான் இருக்கு. காது கேக்காது. நீ வந்துருக்கன்னு சொன்னா இப்பவும் பயப்படும்டீ."

வட்டலாப்பம் வந்துச்சு. கருப்பட்டி தூக்கலா அதே ருசிதான், ஆனா கிண்ணம் சில்வர் போயி பிளாஸ்டிக்கு ஆயிருச்சு. ரெண்டாவது கிண்ணமும் முடிச்சிட்டுத்தான் கேட்டேன், கேக்கவேணாம்னுதான் பஸ்ல வரும்போதெல்லாம் நெனச்சுக்கிட்டு வந்தேன், வாய் சும்மா இருந்தாத்தான.

"ஆமா, எங்கடீ என் கொலுசு?"

அவ மருமவனப் பாத்தா, மவளப் பாத்தா, குரல எறக்கிக்கிட்டு, "அடகுல இருக்கு"ங்கிறா.

"என்னது?"

"கத்தாத. ஒத்தைக் கொலுச யாரு போடுவா, சும்மாதான கெடந்துச்சு. மூத்தவ பள்ளிக்கூடப் பீசுக்கு ஒரு தடவ வெச்சேன், மீட்டுட்டேன். இவுக சவுதியில சம்பளம் வராம கெடந்தப்ப வெச்சேன், அதையும் மீட்டுட்டேன். விக்கமட்டும் இல்ல புள்ள, அல்லா மேல சத்தியமா. எத்தன தடவ வெச்சாலும் மீட்டுருக்கேன். இப்ப ஆடியில வெச்சது."

"எம்புட்டுக்கு?"

"மூவாயிரம். வட்டி தனி. வெள்ளி விக்கிற வெலைக்கு விட்டுறக் கூடாது. திங்கக்கெழமை ராம்நாடு போவோம், நீ பாதி போடு, நான் பாதி போடுறேன்."

"என் கொலுச மீட்க நான் எதுக்குடி காசு போடணும்?"

"இத்தன வருஷம் பத்திரமா வெச்சிருந்தேன்ல, அதுக்கு வாடகை யாரு குடுப்பா?" ன்னு கேக்குறா மும்தாசு, கேட்டுக்கிட்டே மூனாவது கிண்ணத்த என் முன்னாடி தள்ளுறா.