வாராந்த அறிக்கை: வேலையைத் தொடங்க முன் சில கேள்விகள்

அன்புள்ள அக்கா,

உங்கள் மூன்று கடைகளின் வாராந்த விற்பனை அறிக்கை திங்கள் காலையில் தானாகவே வந்து நிற்க வேண்டும் என்று கேட்டீர்கள். செய்யலாம். ஆனால் போன ஞாயிறு இரவு பக்கத்தில் இருந்து பார்த்தபோது ஒன்று விளங்கியது. நீங்கள் மினக்கெட்ட நாலு மணித்தியாலத்தில் கூட்டல் கழித்தலுக்கு அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை. மிச்சம் முழுக்கத் திருத்தம். அந்தத் திருத்தம் எந்த பைலிலும் இல்லை, உங்கள் தலைக்குள் இருக்கிறது. அது தெரியாமல் நான் தொடங்கினால், பிழையான அறிக்கை ஒவ்வொரு திங்களும் நேரத்துக்கு வந்து சேரும்.

முதலில் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது. நெல்லியடிக் கடை பில் மெசினில் இருந்து CSV அனுப்புகிறது. திருநெல்வேலி எக்செல் சீற். சாவகச்சேரி பில் புத்தகத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறது. படத்தில் இருக்கும் கையெழுத்தை மெசினை நம்பி வாசிக்கவிட எனக்கு மனமில்லை. 1-ம் 7-ம் அங்கே ஒரே மாதிரி இருக்கின்றன. அங்கே நிற்கும் பிள்ளை நாளுக்கு ஒருதரம் மொத்தத்தை ஒரு சின்னப் படிவத்தில் பதிவாரா? அவர் மாட்டார் என்றால் அந்த ஒரு கடைக்கு மட்டும் கையால் பதியும் வேலை உங்களுக்குத் தொடரும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலி சீற்றில் பொருட்களின் பெயர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறது. கண்ணுக்குப் பனங்கட்டி என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது `gdq;fl;b`. நெல்லியடியில் அதே பொருள் யூனிகோடில். கணினிக்கு இவை இரண்டு வேறு பொருட்கள். பெயரை விட்டுவிட்டு எல்லாக் கடைக்கும் ஒரே பொருள் இலக்கம் வைப்போம். 007 என்று தொடங்கும் இலக்கம் வேண்டாம், எக்செல் முன்னால் உள்ள சைபரை விழுங்கிவிடும். திகதியும் அப்படித்தான்: 03/04 என்றால் ஏப்ரல் 3 என்று நீங்கள் எழுதுகிறீர்கள், நெல்லியடிக் கணினி அதை மார்ச் 4 என்று எடுக்கிறது. 13-ஆம் திகதியில் இருந்து குழப்பம் வராததால் இவ்வளவு நாளும் யாரும் கவனிக்கவில்லை.

இன்னொன்று. மொத்தம் போடும் இடத்தில் `=SUM(F2:F180)` என்று இருக்கிறது. 180-ஆவது வரிக்குக் கீழே போன விற்பனை கூட்டில் சேரவே இல்லை. நல்லூர்த் திருவிழா நடந்த வாரங்களைத் திறந்து பாருங்கள். நான் எண்ணியதில் ஒரு வாரம் 212 வரி.

இனி, நீங்கள் யோசிக்காமலே செய்பவை. வீட்டுக்கு எடுத்த ஒடியல் மாவை விற்பனையில் இருந்து கழித்தீர்கள். எந்தக் குறிப்பைப் பார்த்து? கொழும்புக்குக் கடனுக்குப் போன மிளகாய்த்தூளை அனுப்பிய வாரத்தில் போடுவதா, காசு வந்த வாரத்திலா? போன மாதம் இரண்டு விதமாகவும் போட்டிருக்கிறீர்கள். திரும்பி வந்த பொருளைத் திரும்பிய வாரத்தில் கழிப்பதா, விற்ற வாரத்துக்குப் போய்த் திருத்துவதா? ஞாயிறு இரவு 8 மணிக்குப் பிறகு போட்ட பில் எந்த வாரம்? எது சரி என்பது எனக்கு முக்கியமில்லை, ஒன்றைத் தீர்மானித்தால் போதும். கடன் விஷயத்தில் மட்டும் உங்கள் கணக்காளரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அறிக்கையை மூன்று பேர் வாசிக்கிறீர்கள். கணக்காளருக்கு எக்செல் வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா போனில் திறப்பவர், அவருக்கு ஒரு பக்க PDF காணும். உங்களுக்கு எது? என் ஊகம், அடுத்த கிழமை எந்தப் பொருளை எவ்வளவு எடுப்பது என்பதற்குத்தான் பார்க்கிறீர்கள். அப்படியென்றால் இப்போது கடைசிப் பக்கத்தில் கிடக்கும் இருப்பு விபரம் முதலாம் பக்கத்துக்கு வர வேண்டும். “போன வாரத்தோடு வித்தியாசம்” என்ற நிரலையும் மாற்ற விருப்பம். நல்லூர் 25 நாள் முடிந்த அடுத்த வாரம் அது எப்போதும் நட்டம் மாதிரிக் காட்டும், அண்ணா பயந்துபோய் ரெலிபோன் எடுப்பார். போன வருடம் திருவிழா முடிந்த அதே வாரத்தோடு ஒப்பிட்டால் நல்லது.

ஒரு கடையின் கணக்கு வராவிட்டால்? சைபர் என்று போடக் கூடாது. “சாவகச்சேரி வரவில்லை” என்று மேலே சிவப்பில் எழுதி, மொத்தத்தை வெறுமையாக விடுவதாக இருக்கிறேன். விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள்.

சரி, இப்போதைக்கு எனக்கு வேண்டியது: முடிந்த மூன்று வாரங்களின் மூலக் கணக்குகள், கை வைக்காமல் அப்படியே. அவற்றுக்கு நீங்கள் அனுப்பிய அறிக்கைகள். அதில் ஒரு வாரம் திருவிழா வாரமாக இருக்கட்டும். என் வேலை அதே மூலத்தில் இருந்து அதே தொகையைத் தர வேண்டும். தராத இடத்தில் பிழை உங்களுடையதா என்னுடையதா என்று இருந்து பார்ப்போம். அதற்குப் பிறகும் நாலு கிழமைக்கு நீங்கள் கையாலும் செய்ய வேண்டிவரும். மன்னிக்கவும்.

சனி பின்னேரம் வருகிறேன். சாவகச்சேரி பில் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
தம்பி