கையால் வார்த்த மெழுகுவத்திகள்: மல்லி, வெட்டிவேர், எலுமிச்சைப்புல், தேன்மெழுகு, மிதக்கும் பூ

எல்லாமே கோயம்புத்தூரில், வீட்டிலேயே சின்னச் சின்னத் தொகுதிகளாக வார்ப்பவை. கீழே போட்டிருக்கும் எரியும் நேரம், ஜன்னல் சாத்தி மின்விசிறி நிறுத்திய அறையில் எரித்துப் பார்த்த கணக்கு. காற்றில் வைத்து எரித்தால் நேரம் கண்டிப்பாகக் குறையும். வாசனையின் அளவை மூன்றாகப் பிரித்திருக்கிறேன். 'மெல்லியது' என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். 'நடுத்தரம்' ஒரு படுக்கையறையை நிரப்பும். 'அழுத்தம்' என்பது கூடத்தில் ஏற்றினால் சமையலறை வரை வரும்.

மல்லி, கண்ணாடிக் குவளையில்

மெழுகு: முழுக்க சோயா மெழுகு, 200 கிராம்
திரி: பருத்தி, ஈயம் கிடையாது
குவளையின் அகலம்: 7.5 செ.மீ.
எரியும் நேரம்: 35 முதல் 40 மணி
வாசனை: அழுத்தம்
விலை: 549 ரூபாய்

அதிகம் விற்பது இதுதான். அதிகம் கேள்வி வருவதும் இதற்குத்தான்: "இது நிஜ மல்லியா?" இல்லை. மல்லிகையை வேகவைத்து ஆவியில் எண்ணெய் எடுக்க வராது, பூ அந்தச் சூட்டைத் தாங்காது. கரைப்பான் ஊற்றித்தான் சாறு எடுக்கிறார்கள். அந்தச் சாற்றைப் போட்டால் இந்த விலைக்கு ஒரு குவளையும் தர முடியாது. அதனால் மெழுகுவத்திக்கென்றே தயாரான மல்லி வாசனை எண்ணெய்தான் சேர்க்கிறேன், 200 கிராமுக்கு 16 கிராம். கடையில் கிடைக்கும் பல மல்லி வாசனைகள் சோப்புபோல முடிந்துவிடும். இதில் சாயங்காலம் தொடுத்து வைத்த சரத்தின் பச்சை வாடை கொஞ்சம் இருக்கிறது. அதற்காகவே இந்த எண்ணெயைத் தேர்ந்தெடுத்தேன்.

வார்த்து இரண்டு வாரம் ஆறவைத்த பிறகுதான் அனுப்புவேன். சோயா மெழுகில் வாசனை ஊறிப் பிடிக்க அவ்வளவு நாள் வேண்டும். குவளையின் ஓரத்தில் உப்புப் பூத்ததுபோல வெள்ளைத் திட்டு தெரியலாம். சோயா மெழுகின் இயல்பு அது, எரிவதிலோ வாசனையிலோ ஒரு குறையும் வராது.

முதல் தடவை ஏற்றும்போது மட்டும் மூன்று மணி நேரம் கையில் இருக்கட்டும். மெழுகு உருகி குவளையின் விளிம்பு வரை போய்ச் சேர அவ்வளவு ஆகும். அரை மணியில் அணைத்துவிட்டால் நடுவில் மட்டும் குழி விழும். அடுத்த முறையும் அந்தக் குழிக்குள்ளேயேதான் எரியும், சுற்றியுள்ள மெழுகு அப்படியே வீணாக நின்றுவிடும்.

சின்ன அறைக்கோ, தலைவலி வருபவர்களுக்கோ இதை வாங்க வேண்டாம். அடுத்ததைப் பாருங்கள்.

வெட்டிவேர், மூடி போட்ட தகர டப்பாவில்

மெழுகு: சோயா, 120 கிராம்
டப்பாவின் அகலம்: 6 செ.மீ.
எரியும் நேரம்: 22 முதல் 25 மணி
வாசனை: மெல்லியது
விலை: 399 ரூபாய்

இதில் போடுவது வேரிலிருந்து ஆவியில் வடித்த அசல் எண்ணெய், வேறு எந்த வாசனையும் கலக்கவில்லை. மூடியைத் திறந்து மோந்தால் நன்றாகவே மணக்கும். ஆனால் வெட்டிவேர் எண்ணெய் கனமானது, சூட்டில் மெதுவாகத்தான் கிளம்பும். ஏற்றிய பிறகு அறை முழுக்கப் பரவும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். படிக்கும் மேஜையிலோ, தியானம் செய்யும் இடத்திலோ பக்கத்தில் வைத்துக்கொள்பவர்களுக்கு இது பொருத்தம். பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடித்துப் பழகியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

எரியும்போது டப்பா சுடும், கையால் தூக்காதீர்கள். அணைக்க மூடியைப் போட்டால் போதும். புகை வாடை வெளியே வராது.

எலுமிச்சைப்புல், சின்ன வட்டம், 12 அடங்கிய பெட்டி

சோயா மெழுகு, ஒவ்வொன்றும் 15 கிராம், அலுமினியக் கிண்ணத்தில். ஒன்று ஏறக்குறைய 4 மணி எரியும். வாசனை நடுத்தரம், இரண்டு சேர்த்து ஏற்றினால் அழுத்தம். பெட்டி 420 ரூபாய்.

கொசு ஓடுமா என்று கேட்பீர்கள். கொசுவிரட்டி என்று சொல்லி இதை விற்க எனக்கு மனமில்லை. குழந்தை தூங்கும் அறையில் இதை நம்பி வலையைக் கழற்றிவிடாதீர்கள். மீன் வறுத்த வாடை போக, மழைநாளில் வீட்டில் ஈர வாடை அடித்தால் அது மறைய, இது அருமையாக வேலை செய்யும்.

அலுமினியக் கிண்ணத்தின் அடிப்பக்கம் நன்றாகச் சூடாகும். பீங்கான் தட்டிலோ பித்தளைத் தட்டிலோ வைத்து ஏற்றுங்கள். பிளாஸ்டிக் தட்டு, மேஜை விரிப்பு, டிவியின் மேல்பக்கம் எதுவும் ஆகாது.

தேன்மெழுகுத் தூண்

மெழுகு: வடிகட்டிய தேன்மெழுகு மட்டுமே, சுமார் 180 கிராம்
அளவு: 5 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம்
எரியும் நேரம்: 30 முதல் 35 மணி
வாசனை: சேர்க்கவில்லை, லேசான தேன் மணம் மட்டும்
விலை: 690 ரூபாய்

தேன் பிழிந்த பிறகு மிஞ்சும் அடையை வெந்நீரில் உருக்கி, துணியில் வடித்து எடுத்த மெழுகு. ஒவ்வொரு தொகுதியும் ஒரு நிறத்தில் இருக்கும், சில சமயம் வெளிர் மஞ்சள், சில சமயம் கருப்பட்டி நிறம். படத்தில் இருக்கும் நிறமேதான் வேண்டும் என்றால் வாங்கும் முன் கேளுங்கள், கையில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்புகிறேன். நாளாக ஆக மேலே மங்கலாக ஒரு படலம் வரும். பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மெல்லிய துணியால் துடைத்தால் பளபளப்பு திரும்பிவிடும்.

பூனை, கிளி வளர்ப்பவர்களும் வாசனை ஒத்துக்கொள்ளாதவர்களும் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். தட்டு இல்லாமல் ஏற்ற வேண்டாம், ஓரம் உடைந்து உருகிய மெழுகு வழியலாம்.

மிதக்கும் பூ, 6 அடங்கிய பெட்டி

பாரஃபின் மெழுகு, வாசனை இல்லை, ஒன்று சுமார் 3 மணி எரியும், 240 ரூபாய். சோயா மெழுகு மிருதுவானது, இந்த மெல்லிய இதழ்கள் அதில் நிற்காது. அதனால் இது மட்டும் பாரஃபின். உருளியில் நான்கு விரல் இடைவெளி விட்டு மிதக்கவிடுங்கள். நிஜப் பூவின் காம்பும் காய்ந்த இதழும் திரியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றும் முன் படிக்கவும்

ஒவ்வொரு தடவையும் திரியை 5 மி.மீ. உயரத்துக்கு நறுக்கிவிட்டு ஏற்றுங்கள். நுனியில் கருப்பாகக் காளான் மாதிரி திரண்டிருக்கும் கரியைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். கண்ணாடி கருப்பதற்கும், சுடர் துள்ளுவதற்கும் பெரும்பாலும் நீளத் திரிதான் காரணம். நறுக்கிய துண்டும் தீக்குச்சியும் உருகிய மெழுகில் விழக்கூடாது, அவையும் திரிபோலவே பற்றிக்கொள்ளும்.

ஒரே மூச்சில் 4 மணிக்கு மேல் எரிக்காதீர்கள். அணைத்து, முழுக்க ஆறிய பிறகு மறுபடி ஏற்றலாம். குவளையிலும் டப்பாவிலும் அடியில் ஒரு செ.மீ. மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே போனால் சூடு நேராக அடிப்பாகத்தில் இறங்கி கண்ணாடி விரிசல் விடும். ஏற்கெனவே கீறல் உள்ள குவளையை ஏற்றவே வேண்டாம்.

மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து புகையும். திரைச்சீலை, பூஜை அறையில் தொங்கும் பட்டுத்துணி, தோரணம் இவற்றின் பக்கத்திலும் கூடாது. கரண்ட் போன நேரத்தில் ஏற்றினால் கரண்ட் வந்ததும் மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும், அதனால் சுவிட்சை முதலில் அணைத்துவிடுங்கள். எரியும் மெழுகுவத்தியை விட்டுவிட்டு வெளியே போவதும் தூங்குவதும் வேண்டவே வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரம் முக்கியம்.

தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள். சூடான மெழுகு தெறித்து முகத்தில் அடிக்கும், கண்ணாடியும் உடையும். மூடி போட்டோ, திரியைக் குச்சியால் உருகிய மெழுகுக்குள் அமுக்கி நிமிர்த்தியோ அணையுங்கள்.

அனுப்புவது பற்றி

ஏப்ரல், மே மாதங்களில் வண்டிக்குள் இருக்கும் சூட்டில் சோயா மெழுகு இளகிவிடும், மேல்பரப்பு கோணலாக வந்து சேரலாம். எரிவதற்கு அது தடையில்லை. திரி நடுவிலிருந்து விலகியிருந்தாலோ, குவளை உடைந்திருந்தாலோ இரண்டு நாளுக்குள் படம் அனுப்புங்கள், வேறு அனுப்புகிறேன். வந்ததும் வெயில் படாத அலமாரியில் மூடி வையுங்கள். மல்லியையும் வெட்டிவேரையும் ஒரே டப்பாவில் அடைக்க வேண்டாம், மல்லி வாடை வெட்டிவேரில் ஏறிவிடும்.