டொராண்டோவில் இருக்கும் அண்ணன் குடும்பத்துக்குத் தைப் பொங்கல் வாழ்த்து

10.01.2026

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும், மருமகனுக்கும் மருமகளுக்கும்,

வணக்கம். உங்கள் நால்வருக்கும் அம்மாவின் ஆசிகளுடன், எங்கள் அனைவரின் தைப் பொங்கல் நல்வாழ்த்துகள். கரும்பும் பானையும் வரைந்த வாழ்த்துப் படங்கள் இந்நேரம் உங்கள் கைப்பேசியில் வந்து குவியத் தொடங்கியிருக்கும். அவற்றை அனுப்புகிறவர்கள் மீது எனக்குக் குறையில்லை. ஆனால், அப்பா மறைந்து ஓராண்டு நிறையாததால் சென்ற தையில் நம் வீட்டில் பானை ஏறவில்லை. கார்த்திகையில் திதி முடிந்தபின் இந்த ஆண்டுதான் மறுபடியும் பொங்கல் வைக்கிறோம் என்பதால், இந்த முறை எழுதித்தான் வாழ்த்த வேண்டும் என்று தோன்றியது.

மார்கழிக் கடைசியில் வீட்டை ஒழிக்கத் தொடங்கியபோது, பரணிலிருந்த அப்பாவின் மரப்பெட்டி இறங்கியது. அளவு நாடா, தூக்குக்குண்டு, பென்சில் துண்டுகள் ஆகியவற்றுக்கு அடியில், பழைய துண்டில் சுற்றி வைத்த ரசமட்டம் இருந்தது. கட்டட வேலையைவிட்டு ஓய்வு பெற்ற பிறகு அப்பா அதை ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் எடுப்பார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று செங்கற்களை வைத்து, அவற்றின் மேல் ஒரு பலகையைப் போட்டு, பலகையின் மீது ரசமட்டத்தை வைத்து, குமிழ் நட்டநடுவில் வந்து நிற்கும்வரை அவர் எழுந்திருக்க மாட்டார். பால் எந்தத் திசையில் வழிகிறதோ அதைப் பார்த்து ஆண்டின் பலனைச் சொல்லும் பாட்டியோ, நேரமாகிறது என்று பொறுமையிழந்து நிற்பார். “அடுப்பு சாய்ந்திருந்தால், கிழக்கே பொங்கியது பாலின் குணமா, அடுப்பின் குணமா என்று எப்படித் தெரியும் அம்மா?” என்று அப்பா நிமிராமலே கேட்பார்.

அண்ணா, நீங்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதவிருந்த ஆண்டில், அப்பா மட்டம் பார்த்துவிட்டுக் குளிக்கப் போன சமயத்தில், மேற்குப் பக்கத்துச் செங்கல்லின் அடியில் ஓர் ஓட்டுச்சில்லைச் செருகினீர்கள். வெளியே சொல்லக் கூடாது என்பதற்காக உங்கள் பங்குக் கரும்பில் பாதியை எனக்குக் கொடுத்தீர்கள்; நானும் சொன்ன சொல் தவறாமல் இத்தனை காலமும் காத்தேன். அன்று பால் கிழக்கே பொங்கி வழிந்தது. பாட்டி குலவையிட்டார், நீங்கள் என்னைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அதற்குக் காரணம் ஓட்டுச்சில்லா, விடிய விடியப் படித்த படிப்பா என்ற கேள்வியை நாம் இருவரும் தனியாக எத்தனையோ முறை பேசிச் சிரித்திருக்கிறோம்.

இப்போது நான் சொல்லப்போவது நம் இருவருக்குமே தெரியாதது. ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் தாமாகச் சொன்னார். குளித்துவிட்டு வந்த அப்பா, பானையை ஏற்றுவதற்கு முன் வழக்கம்போல இன்னொரு முறை மட்டம் வைத்துப் பார்த்தாராம்; குமிழ் ஒதுங்கி நிற்பதையும், செங்கல்லுக்கு அடியில் சில்லு இருப்பதையும் கண்டாராம். அம்மா அதை எடுக்கக் குனிந்தபோது, “இருக்கட்டும், பையன் பயந்துபோயிருக்கிறான்” என்று கையமர்த்திவிட்டு, ரசமட்டத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாராம். ஒரு நூல் அளவு சாய்வுக்காகக் கட்டிய சுவரைப் பிரித்துக் கட்டச் சொன்ன மனிதர் அவர் என்பதை நினைத்துப் பாருங்கள். இதை நீங்கள் தொலைபேசியில் என் வாயால் கேட்பதைவிட, எழுத்தில் படித்து வைத்துக்கொள்வதே நல்லது என்று பட்டது. இந்தக் கடிதத்தின் முதன்மையான காரணமும் அதுதான்.

அண்ணி, உங்கள் தலைப்பொங்கலுக்கு முந்தைய இரவில் மின்சாரம் போனதை அம்மா இப்போதும் எல்லோரிடமும் சொல்கிறார். நீங்கள் புள்ளி வைத்துக் கோலம் போட, அம்மா அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தார். அதுவரை மாமியாரும் மருமகளும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியிருக்க மாட்டீர்கள். கோலம் முடிகிற நேரத்தில் வலது மூலையில் ஒரு புள்ளி குறைந்திருப்பது தெரிந்தது. அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவதா என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் அந்த இடத்தில் ஒரு கிளியை வரைந்து உட்காரவைத்துவிட்டீர்கள். அதன் பிறகு இந்த வாசலில் எந்தப் பொங்கல் கோலத்திலும் அந்த மூலையில் கிளி இல்லாமல் இருந்ததில்லை. இந்த ஆண்டு முழங்கால் வலியால் அம்மா உட்கார்ந்து போட முடியாது, நான்தான் போடப்போகிறேன். நான் கிளி வரைந்தால் அது பெரும்பாலும் கோழியாகத்தான் முடிகிறது. ஒரு தாளில் வரைந்து, படம் எடுத்து அனுப்பினால் அதைப் பார்த்துப் போட்டுவிடுவேன்.

மருமகனே, நீ இங்கே வந்திருந்த பொங்கலில் உன் முன்பல் கரும்போடு போய்விட்டது. பல்லைக் காணவில்லை என்று நீ அழுத அழுகையில், தாத்தா கைவிளக்கை எடுத்துக்கொண்டு முற்றத்தில் கிடந்த சக்கையை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் அது கிடைத்தது; கிடைத்தது உன் பல்தானா என்பதில் அத்தைக்கு இன்றுவரை ஐயம் உண்டு, ஆனால் தாத்தா உறுதியாகச் சொன்னதால் நீ அழுகையை நிறுத்தினாய். மருமகளே, உனக்குத் தாத்தாவைத் திரையில்தான் அதிகம் தெரியும் என்று நீ வருத்தப்பட்டதாக அம்மா சொன்னார். அவர் வைத்த கடைசிப் பொங்கலின்போது, பால் பொங்குவதற்கு முன்பே நீ அங்கிருந்து “பொங்கலோ பொங்கல்” என்று கூவினாய். அடுத்த நொடியே பால் பொங்கி எழுந்தது. “பேத்தி சொன்னால் பால் கேட்கிறது பார்” என்று தாத்தா அன்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உன்னைப் பற்றி அவர் பெருமையாகப் பேசியதை நேரில் கேட்டவள் நான்.

ஜனவரி 15 காலை 7 மணிக்கு இங்கே பானை ஏற்றுகிறோம். அங்கே அப்போது 14ஆம் தேதி இரவு எட்டரை மணியாக இருக்கும். அனைவரும் வீட்டில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பொங்கலை நீங்கள் மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே முடித்துக்கொண்டு அங்கே வந்து சேரச் சூரியனுக்குப் பத்தரை மணி நேரம் ஆகும், அவசரப்பட வேண்டாம் என்பது அம்மாவின் செய்தி. மின்சார அடுப்பில் சிறிய பாத்திரத்தில் வைத்தாலும், பால் வழிவதற்கு முன் அணைத்துவிடக் கூடாது என்று அண்ணியிடம் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார். துடைப்பதற்கு அண்ணன் இருக்கிறாராம்.

ரசமட்டத்தை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சும் வந்தது. அம்மா அதை உங்களுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறார், அண்ணா. ஆனால் இந்தப் பொங்கலுக்கு அது இங்கேயே வேண்டும்; அப்பா இருந்த இடத்தில் இவர் உட்கார்ந்து மட்டம் பார்க்கப்போகிறார், பயிற்சிக்காக நேற்றே இரண்டு முறை செங்கல் அடுக்கிப் பார்த்துவிட்டார். கோடை விடுமுறையில் நீங்கள் வரும்போது பெட்டியோடு எடுத்துக்கொள்ளலாம். பயணத்தை முடிவு செய்ததும் தேதியைத் தெரிவியுங்கள். மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன்.

நலமும் வளமும் பெருகி, நீங்கள் நால்வரும் நீடு வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

என்றும் அன்புள்ள,
தங்கை

பின்குறிப்பு: அழைப்பில் “பொங்கலோ பொங்கல்” என்று முதலில் கூவ வேண்டியது மருமகள்தான். நாங்கள் யாரும் முந்திக்கொள்ள மாட்டோம்.