நூறு ரூபாய் குறையுது

பெங்களூர் சிவாஜிநகரில் ஏறிய கூட்டம் பாதி இறங்கிய பிறகுதான் கதிருக்குக் கடைசி சீட்டில் இடம் கிடைத்தது, உட்கார்ந்ததும் காலில் ஏதோ தட்டியது. ஓரமெல்லாம் நைந்த ஒரு பர்ஸ், ரப்பர் பேண்ட் போட்டது.

கண்டக்டர் முன்பக்கம் பெண்களுக்கு இலவச டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அதற்குள் கை பர்ஸை ஸ்கூல் பைக்குள் போட்டுவிட்டது.

அல்சூரில் இறங்கி, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு எண்ணினான். 6,400 ரூபாய். மைசூர் டூருக்கு 1,500 கட்ட நாளைதான் கடைசி நாள், அவன் இன்னும் வீட்டில் கேட்கவே இல்லை, அம்மா இல்லை என்று சொல்ல மாட்டாள், யாரிடமாவது கடன் வாங்குவாள், அதனால்தான் கேட்கவில்லை. மூன்று ஐநூறு ரூபாய்த் தாள்களைத் தனியாக எடுத்து வைத்தான்.

அப்புறம்தான் அடகுக்கடை ரசீது கண்ணில் பட்டது. குழந்தைக் கம்மல் ஒரு ஜோடி. கீழே போன் நம்பர். மீட்கக் கொண்டுபோன பணமாகத்தான் இருக்கும். இதே மாதிரி ஒரு ரசீது இவர்கள் வீட்டு சாமி படத்துக்குப் பின்னாலும் இருக்கிறது, அம்மாவின் வளையலுக்கு. தனியாக வைத்த மூன்று தாளையும் திரும்ப உள்ளே செருகினான்.

அம்மா வந்ததும் அவள் போனிலிருந்தே பேசினான். முதலில் கன்னடத்தில் பேசிய அந்த ஆள், பின்னால் அம்மாவின் குரல் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "தம்பி, அங்கேயே இருப்பா, இதோ வர்றேன்!"

சோமேஸ்வரர் கோவில் வாசலில் வந்து நின்றவர் பர்ஸை வாங்கியதும் முதலில் செய்தது, பணத்தை எண்ணியது. ரெண்டு தடவை.

"நூறு ரூபாய் குறையுதே தம்பி."

கதிருக்குக் காது சூடானது. "நான் எடுக்கலைண்ணா." குரல் உடைந்தது. எடுத்து வைத்தது உண்மை, திரும்ப வைத்ததும் உண்மை, ஆனால் இந்த நூறை அவன் எடுக்கவில்லை, அதை எப்படி நிரூபிப்பது?

அம்மா பேசவில்லை. மகன் தோளில் கை வைத்துக்கொண்டு அந்த ஆளையே பார்த்தாள்.

அவர் மனைவிக்குப் போன் போட்டார். எதிர்முனையில் அந்தம்மா போட்ட சத்தம் வெளியிலேயே கேட்டது: "காலையில பால்காரனுக்குக் குடுக்க நான்தான் எடுத்தேன், சொன்னேனே! யாரு கிட்ட போய் என்ன கேட்டுட்டு நிக்குற?"

அவர் முகம் சுருங்கிப்போனது. "மன்னிச்சுடுப்பா. பயத்துல கேட்டுட்டேன்." ஐநூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார்.

"வேணாம்ணா. கடை சாத்திடுவான், நீங்க போய் கம்மலை மீட்டுடுங்க."

அவர் ஆட்டோ பிடித்து ஓடினார். திரும்பி நடக்கும்போது கதிர் கேட்டான், "அம்மா, ஸ்கூல்ல மைசூர் டூர் போறாங்க. 1,500 ரூபா. முடியுமா?"

"எப்போ கட்டணும்?"

"நாளைக்கு."

"ஏன்டா இவ்வளவு நாள் சொல்லல?" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.