2024-25 லாப நட்டக் கணக்கு, திருத்திய வரைவு: உடன் அனுப்பும் குறிப்பு

செல்வம் அண்ணே, வணக்கம்.

திருத்திய லாப நட்டக் கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். போன மாதம் கொடுத்தது உங்கள் டேலியில் இருந்ததை அப்படியே எடுத்த முதல் வரைவு. அப்போது பேங்க் ஸ்டேட்மென்ட் முழுதாக வந்து சேரவில்லை, மார்ச் 31 அன்று சரக்கு எண்ணிய தாளும் என் கைக்கு வரவில்லை. இப்போது இரண்டும் வந்து, ஒத்துப் பார்த்து முடித்த பிறகு நிற்கும் கணக்கு இது. பழைய நகலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், பேங்க் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அது இனி செல்லாது என்று அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நீங்கள் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பீர்கள் என்று தெரியும். நிகர லாபம் அன்று 14,82,000, இன்று 14,76,000. ஆறாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கா கடைப் பையனைத் தினமும் போனில் குடைந்தான் என்று கேட்காதீர்கள். ஒரு பக்கம் 6,44,500 குறைந்து, இன்னொரு பக்கம் 6,38,500 கூடி, இரண்டும் அடித்துக்கொண்டு போனதில் மிஞ்சியதுதான் அந்த ஆறாயிரம். ஓடி லிமிட்டைப் புதுப்பிக்கப் போகும்போது பேங்க்காரர்கள் பார்ப்பது கடைசி வரியை மட்டும் இல்லை, மொத்த லாப விகிதத்தையும் இருப்பையும்தான் கிண்டுவார்கள், அந்த இரண்டுமே மாறியிருக்கிறது.

பெரியது இருப்பு. முதல் வரைவில் இறுதி இருப்பு 31,20,000 என்று இருந்தது, அது டேலி சொன்ன தொகை. எண்ணிப் பார்த்தால் 27,35,000 தான் இருக்கிறது. 3,85,000 குறைவு. இதில் 3,40,000 எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும்: ஃபெஞ்சல் புயல் அடித்து ஓய்ந்த கையோடு, டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகி ஆல்பேட்டை கோடவுனுக்குள் தண்ணீர் ஏறியதே, அந்தச் சரக்கு. கல்லாகிப் போன 300 மூட்டை சிமென்ட், மூட்டை 260 என்று 78,000, ஊறி உப்பிப் போன ப்ளைவுட்டும் கதவுகளும் 2,62,000. அதையெல்லாம் லாரி வைத்து அள்ளிக் கொட்டியாச்சு, ஆனால் டேலியில் யாரும் கழிக்கவில்லை, அதனால் மார்ச் முடிகிற வரைக்கும் அது கணக்கில் நல்ல சரக்காகவே உட்கார்ந்திருந்தது. இப்போது அதை வியாபாரக் கணக்கில் கலக்காமல் "வெள்ளச் சேதம்" என்று கீழே தனி வரியில் காட்டியிருக்கிறேன். கலந்து காட்டினால் நீங்கள் அடிமாட்டு விலைக்கு விற்ற மாதிரி மொத்த லாபம் படுத்துவிடும், அது உண்மையும் இல்லை.

மீதி 45,000 தான் எனக்கு இடிக்கிறது. உடைசல், சாம்பிள், அளவு கொடுத்து விட்டுப்போனது என்று இந்த மாதிரிக் கடையில் கொஞ்சம் குறைவது சகஜம், ஆனால் குறைந்தது பெரும்பாலும் பெயிண்ட் டப்பா, அதுவும் இருபது லிட்டர் டப்பா. தங்கச்சி வீடு கட்டும்போது கடையிலிருந்து போன சரக்கு ஏதாவது பில் போடாமல் போயிருக்கிறதா என்று யோசித்துச் சொல்லுங்கள். அப்படிப் போயிருந்தால் தப்பில்லை, அதைச் சொந்த எடுப்பாக மாற்றிவிடலாம், லாபம் அந்த அளவுக்குக் கூடும், அந்தச் சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டைத் திருப்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இல்லையென்றால் இப்போது இருக்கிறபடி சரக்குக் குறைவாகவே விட்டுவிடுகிறேன்.

கிரெடிட் என்றதும் அடுத்தது. அழிந்துபோன சரக்குக்கு வாங்கும்போது எடுத்த இன்புட் கிரெடிட்டை வைத்துக்கொள்ள ஜிஎஸ்டி சட்டம் விடாது, 17(5) பிரிவு. இயற்கைச் சேதம்தானே, நான் என்ன பண்ணேன் என்று கேட்பீர்கள், நியாயம்தான், ஆனால் சட்டம் காரணம் பார்ப்பதில்லை. அப்போதைய விகிதப்படி சிமென்ட்டுக்கு 28 சதவீதம், 21,840. மற்றதுக்கு 18 சதவீதம், 47,160. ஆக மொத்தம் 69,000 செலவாக ஏறியிருக்கிறது. இன்னும் ரிட்டர்னில் திருப்பவில்லை, அடுத்த 3பி-யில் திருப்பிவிடுவோம். வட்டி வருமா வராதா என்பதை ஆடிட்டர் கிரெடிட் லெட்ஜரைப் பார்த்துச் சொல்வார்.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்சூரன்ஸ் பணம். மார்ச்சில் பேங்கில் விழுந்த 2,65,000 சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்தது, பையனுக்கு எதில் போடுவது என்று தெரியாமல் அங்கே தள்ளிவிட்டிருக்கிறான். சரக்குக்கு வந்த நஷ்ட ஈடு என்பதால் அது வருமானம்தான், எடுத்து ஏற்றியிருக்கிறேன். நீங்கள் கேட்டது 3,40,000, சர்வேயர் வெட்டியதும் பாலிசி எக்ஸெஸும் போக வந்தது இது. மேல்முறையீடு ஏதாவது போட்டிருந்தால் சொல்லுங்கள், ஆனால் கைக்கு வராத பணத்தை நான் இதில் எழுதப் போவதில்லை. சேதம், கிரெடிட், நஷ்ட ஈடு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வெள்ளம் உங்கள் பாக்கெட்டில் இருந்து நிகரமாக எடுத்தது 1,44,000.

விற்பனை 1,84,60,000 என்று இருந்தது 1,83,34,000 ஆகியிருக்கிறது. வியாபாரம் குறையவில்லை, பதற வேண்டாம். டிசம்பரில் கம்ப்யூட்டர் வேலை செய்யாத மூன்று வாரம் கை பில்லில் விற்றீர்களே, அந்த பில் புத்தகங்களை அப்புறம் டேலியில் ஏற்றும்போது வரியோடு சேர்த்து 8,26,000-ஐ அப்படியே விற்பனையில் போட்டிருக்கிறார்கள். அப்போது சிமென்ட் கையில் இல்லை, விற்றதெல்லாம் 18 சதவீதச் சரக்கு, ஆகவே விற்பனை 7,00,000, மீதி 1,26,000 அரசாங்கப் பணம், நம்முடையது இல்லை. ஜிஎஸ்டி ரிட்டர்னில் சரியாகத்தான் காட்டிக் கட்டியிருக்கிறோம், அதனால்தான் ரிட்டர்ன் விற்பனைக்கும் கணக்கு விற்பனைக்கும் இதே தொகை இடித்தது. இந்த வித்தியாசத்தோடு கணக்கு போயிருந்தால் பின்னால் நோட்டீஸ் வந்து விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

இதையும் அந்த 45,000-ஐயும் கழித்ததில் மொத்த லாபம் 31,38,200-லிருந்து 29,67,200-க்கு வந்திருக்கிறது, விகிதம் 17-லிருந்து 16.2 சதவீதம். போன வருடம் 16.4. பேங்கில் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள், உங்கள் கடைக்கு இதுதான் இயல்பான விகிதம், 17 தான் சந்தேகப்பட வேண்டியது.

லாபத்தைக் கூட்டிய மற்ற மூன்றும் சுலபம். குட்டி யானைக்கு மாதம் 14,500 வீதம் கட்டிய தவணை 1,74,000 முழுவதும் வண்டிச் செலவில் இருந்தது. அதில் வட்டி 52,000 தான் செலவு, மீதி 1,22,000 கடன் அடைத்தது. வண்டிக்குத் தேய்மானம் ஏற்கெனவே எடுத்தாயிற்று, அசலையும் செலவாக எழுதினால் ஒரே வண்டிக்கு இரண்டு தடவை கழித்த மாதிரி ஆகிவிடும். ஜனவரியில் வாங்கிய கலர் மிக்ஸிங் மெஷின் 1,80,000 ரிப்பேர் செலவில் கிடந்தது, அது சொத்து. வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகவே ஓடியதால் 15 சதவீதத்தில் பாதித் தேய்மானம், 13,500, அதைக் கழித்து 1,66,500 கூடுகிறது. தண்ணீரில் போன பழைய மெஷினைப் பற்றிக் கேட்டீர்கள், அதன் மீதி மதிப்பு மெஷின்கள் தொகுப்பிலேயே நிற்கும், வருமான வரிக் கணக்கில் அதைத் தனியாக நஷ்டம் எழுத வழியில்லை. மூன்றாவது, பாப்பாவுக்குக் கட்டிய காலேஜ் ஃபீஸ் 85,000, ஆபீஸ் செலவில் இருந்தது. எடுப்புக்கு மாற்றிவிட்டேன். இதைக் கடைக் கணக்கிலிருந்து கட்டாதீர்கள் அண்ணே, உங்கள் சொந்த சேவிங்ஸுக்கு மாற்றிக் கட்டுங்கள், ஒவ்வொரு வருடமும் இதே வேலை வருகிறது.

குறைத்ததில் கடைசி ஒன்று: ஏப்ரலில் கொடுத்த மார்ச் மாதச் சம்பளம் 58,000, மார்ச் வரைக்குமான ஈபி பில் 6,500. இரண்டும் இந்த வருடச் செலவு, சேர்த்தாயிற்று.

லாப நட்டக் கணக்கில் தெரியாத, ஆனால் வரி போடும்போது கூடும் இரண்டு சமாச்சாரம் உண்டு. அக்டோபரில் ப்ளைவுட்காரருக்கு ஒரே நாளில் 38,000 ரொக்கமாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஒருவருக்கு ஒரு நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கம் போனால் அந்தச் செலவு முழுவதையும் வரிக்குக் கழிக்க விடமாட்டார்கள், லாரி வாடகைக்குத்தான் 35,000 வரை சலுகை. இன்னொன்று நெல்லிக்குப்பத்துக் கதவுக்காரர். ஜனவரி பில் 1,12,000 மார்ச் 31 வரை நிலுவை. அவர் உத்யம் பதிவு செய்த சிறு உற்பத்தியாளர் என்றால், எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையில் 15 நாளில் கொடுத்திருக்க வேண்டும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் எல்லை. கொடுக்காததால் இந்த வருடம் கழிவு கிடையாது, கொடுக்கும் வருடத்தில் கிடைக்கும். வாங்கி விற்கிறவர் மட்டும் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அதனால் அவருடைய உத்யம் சான்றிதழ் நகல் ஒன்று வாங்கி அனுப்புங்கள். இரண்டும் சேர்ந்தால் வரிக்கு எடுக்கும் வியாபார வருமானம் 16,26,000 ஆகும்.

ஓடிக்காக மாதாமாதம் பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்தான் இப்போது அவசரம். மார்ச்சுக்கு 31,20,000 என்று கொடுத்திருக்கிறீர்கள், அதை வைத்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆடிட் ஆன கணக்கில் 27,35,000 என்று போய் நின்றால் முகம் மாறும். அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே திருத்திய ஸ்டேட்மென்ட்டையும் சர்வேயர் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது. லிமிட் கொஞ்சம் இறங்கலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

சரக்கு எண்ணிய தாளில் ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்தும் கடை சீலும் வேண்டும், கோடவுன் போட்டோக்களையும் போனிலிருந்து இறக்கி வையுங்கள், ஆடிட்டர் கேட்பார். தங்கச்சி வீட்டு விஷயத்துக்கும் உத்யம் நகலுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்தால் சனிக்கிழமை கையெழுத்துக்கு அனுப்பிவிடுவேன். நேரில் பேசணும் என்றால் மதியம் மூன்று மணிக்கு மேல் மஞ்சக்குப்பம் ஆபீஸில்தான் இருப்பேன், பையனையும் கூட்டி வாருங்கள், சஸ்பென்ஸ் கணக்கில் இன்னும் சில்லறையாக நாலைந்து பதிவு நிற்கிறது.

பாஸ்கர்