உதவிக்கு இனி ஒரே மின்னஞ்சல் பெட்டி

வணக்கம்.

எங்கள் சாட்ஸ்வொர்த் கடைக்கு இதுவரை ஆளுக்கொரு முகவரியில் எழுதி வந்தீர்கள். அந்த முகவரிக்குரிய ஊழியர் விடுப்பில் போனால் மடல் திறக்காமலே கிடக்கும். போன தைப்பூசத்துக்கு ஒரு குடும்பத்தின் காவடிச் சாமான் அப்படித்தான் தாமதமானது. இன்னும் மனது உறுத்துகிறது.

வரும் திங்கள் முதல், இந்த மடல் வந்த முகவரிக்கே எழுதுங்கள். நாங்கள் நால்வரும் பார்ப்போம். ஒரு வேலைநாளுக்குள் பதில் வரும். பொருள் உடைந்தோ மாறியோ வந்திருந்தால், கடை திறந்திருக்கும் நேரத்தில் 4 மணி நேரத்துக்குள். சனி மதியம் 1 மணிக்கு மேல் வந்தால் திங்கள்தான் பார்க்க முடியும்.

ஆர்டர் எண், பெயர், தொலைபேசி எண் அவசியம். உடைந்த பொருளென்றால் பார்சலில் ஒட்டிய சீட்டும் தெரியும்படி ஒரு படம் அனுப்புங்கள். வங்கி அட்டை எண் மட்டும் வேண்டவே வேண்டாம். நாங்கள் கேட்கவும் மாட்டோம். அப்புறம், தமிழிலேயே தாராளமாக எழுதலாம்.

வாடிக்கையாளர் உதவிப் பிரிவு